வெளியே சிவந்தால் உள்ளே வெந்துவிட்டதா? பொரித்த கோழியின் வெப்பக் கணக்கு

மாலை ஆறு மணிக்கு மேல் கூலிம் ஹைடெக் பூங்காவைச் சுற்றியுள்ள சாலைகளில் போனால் எண்ணெய் வாசனை மூக்கைத் துளைக்கும். ஏழு மணி ஷிப்ட் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அங்காடிக் கடைகளில் நின்று பொரித்த கோழி வாங்குவார்கள். ஏறுகிறவர் பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய் நள்ளிரவு இடைவேளையில் பிரிப்பார். இறங்குகிறவர் லூனாஸ், பாடாங் செராய், கராங்கான் என்று வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். கடித்துப் பார்க்கையில் எலும்போரம் சிவப்பாக, வழவழப்பாக இருந்தால் சிலர் ஒதுக்கி வைத்துவிடுவார்கள். சிலர் அதையும் தின்றுவிடுவார்கள்.

கெடா மக்களுக்கு இது அந்நியமான விஷயம் அல்ல. 2013-ஆம் ஆண்டு நம் மாநிலத்தில் திருமண விருந்தில் பரிமாறப்பட்ட ஆயாம் மாசாக் மேராவைச் சாப்பிட்ட பலர் நோய்வாய்ப்பட்டார்கள். நால்வர் இறந்தார்கள். சல்மொனெல்லா என்ற கிருமியே காரணம் என்று சுகாதார அமைச்சு அறிவித்தது. ஆயாம் மாசாக் மேரா என்பது கோழியை முதலில் எண்ணெயில் பொரித்து எடுத்து, பிறகு தக்காளியும் மிளகாயும் சேர்ந்த குழம்பில் போட்டுப் பிரட்டும் பதார்த்தம். நம் வீடுகளில் செய்யும் மசாலாக் கோழிப் பொரியலும், பாசார் மாலாமில் விற்கும் ஆயாம் கோரேங் பெரெம்பாவும் அதே பொரியலில்தான் தொடங்குகின்றன. ஆகவே பொரியலில் நடப்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது.

74 என்ற எண்

கோழி இறைச்சியின் மிகத் தடித்த பகுதியின் நடுவில் வெப்பம் 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். அமெரிக்க வேளாண் துறை கோழிக்குச் சொல்லும் அளவு இது. உலகச் சுகாதார நிறுவனம் பொதுவாக எல்லா உணவுக்கும் 70 டிகிரி என்கிறது. பிரிட்டன் உணவுத் தர அமைப்பு, 70 டிகிரி என்றால் இரண்டு நிமிடம் அந்த வெப்பத்தில் நிற்க வேண்டும், 75 டிகிரி என்றால் அரை நிமிடம் போதும் என்று விளக்குகிறது.

எண்கள் வேறுபடுவதால் குழம்ப வேண்டியதில்லை. கிருமி சாவதற்கு வெப்பமும் நேரமும் சேர்ந்து வேலை செய்கின்றன. 60 டிகிரியில் சல்மொனெல்லா அடங்க அரை மணி நேரம்கூட ஆகலாம். 65 டிகிரியில் அதுவே சில நிமிடங்களாகக் குறைகிறது. 74 டிகிரிக்கு வந்துவிட்டால் நேரத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், தொட்டதும் வேலை முடிந்தது. அடுப்பின் முன் வியர்த்துக்கொண்டு நிற்கிற நமக்கு நினைவில் வைத்துக்கொள்ள ஒரே எண் போதும் என்பதால் 74-ஐயே வைத்துக்கொள்ளலாம்.

இது பாதுகாப்புக்கான அளவு. ருசிக்கான அளவு துண்டுக்குத் துண்டு மாறும். நெஞ்சுப் பகுதி 74-லேயே சாறோடு நன்றாக இருக்கும், 80-ஐத் தாண்டினால் நாராகிவிடும். காலும் தொடையும் அப்படி இல்லை. அவற்றில் சவ்வும் நரம்பும் அதிகம். 74-ல் பாதுகாப்பாக இருந்தாலும் வாயில் ரப்பர் போலத் தெரியும். 80, 85 வரை போனால்தான் சவ்வு இளகி, எலும்பிலிருந்து இறைச்சி கழன்று வரும். காலையும் நெஞ்சையும் ஒரே நேரத்தில் போட்டு ஒரே நேரத்தில் எடுப்பவர்களுக்கு ஏதாவது ஒன்று கெட்டுப்போவது இதனால்தான்.

நிறம் ஏன் ஏமாற்றுகிறது

கொதிக்கும் எண்ணெய் 170 டிகிரியில் இருந்தாலும் இறைச்சியின் உள்ளே 100 டிகிரிக்கு மேல் ஏறாது, ஏனென்றால் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி தண்ணீர். துண்டை எண்ணெயில் போட்டதும் சடசடவென்று குமிழி வருகிறதே, அது மேல்பரப்பில் உள்ள தண்ணீர் ஆவியாகி வெளியேறும் சத்தம். மேல்பரப்பு காய்ந்த பிறகுதான் அங்கே வெப்பம் 100-ஐத் தாண்டி, தோல் மொறுமொறுப்பாகிச் சிவக்கும். ஆகவே சிவப்பு நிறம் சொல்வது தோலின் கதையை மட்டும். ஓர் அங்குலம் உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

நம் மசாலாவில் இந்த ஏமாற்றம் இன்னும் அதிகம். மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்ட கோழி எண்ணெயில் விழுவதற்கு முன்பே பாதி சிவப்பு. வெங்காய விழுது, தேங்காய்ப்பால், கிச்சாப், சீனி என்று இனிப்புள்ள எது சேர்ந்தாலும் தோல் சீக்கிரம் கறுக்கும். சேரையும் லெங்குவாஸும் அரைத்துப் பூசிய பெரெம்பா கோழியில், அந்த அரைத்த சக்கை 180 டிகிரி எண்ணெயில் சில நிமிடங்களில் கருகிவிடும். கருகுகிறதே என்று பயந்து கோழியை எடுத்துவிடுவோம். கருகியது சக்கைதான், கோழி இன்னும் வேகவில்லை.

பழைய எண்ணெயும் இதே வேலையைச் செய்யும். நாலைந்து முறை பொரித்துக் கறுத்த எண்ணெயில் துண்டு மிக விரைவாக நிறம் பிடிக்கும். நேற்று பன்னிரண்டு நிமிடத்தில் வந்த நிறம் இன்று எட்டு நிமிடத்தில் வந்தால் கோழி சீக்கிரம் வெந்துவிட்டது என்று பொருள் அல்ல, எண்ணெய் கெட்டுவிட்டது என்று பொருள். நுரை அடங்காமல் நிற்பது, கரண்டியில் பிசுபிசுப்பது, முன்பு புகையாத சூட்டிலேயே புகை வருவது ஆகியவையும் அந்த எண்ணெயைக் கொட்ட வேண்டிய நேரம் வந்ததைக் காட்டும்.

எலும்போரச் சிவப்பு இன்னொரு குழப்பம். கடையில் வாங்கும் கோழி பெரும்பாலும் ஐந்து, ஆறு வாரக் குஞ்சுதான். அதன் எலும்பு இன்னும் முற்றாததால் உள்ளே இருக்கும் மச்சையின் நிறம் வெளியே கசிந்து பக்கத்து இறைச்சியைச் சிவப்பாக்கும், சில சமயம் கறுப்பாகவும் ஆக்கும். உறைய வைத்து எடுத்த கோழியில் இது கூடுதலாகத் தெரியும். 80 டிகிரிக்கு வெந்த காலிலும் அந்தச் சிவப்பு இருக்கலாம். மறுபக்கம், வெள்ளையாகத் தெரிகிற இறைச்சி 65 டிகிரியில் நின்றிருக்கவும் கூடும். குத்திப் பார்த்துச் சாறு தெளிவாக வந்தால் வெந்துவிட்டது என்று பாட்டிமார் சொல்வதும் இப்படித்தான். பல நேரம் சரியாக இருக்கும், ஆனால் நம்பி நிற்க முடியாது. இறைச்சி எலும்பில் ஒட்டிக்கொண்டு, கண்ணாடி போல மினுமினுத்து, பல்லில் இழுபடுமானால் அது வேகவில்லை. இது ஓரளவு நம்பத்தக்க அடையாளம். அதற்கு மேல் உறுதி வேண்டுமானால் குத்தும் வெப்பமானிதான் வழி.

துண்டு பெரிதானால் நேரம் எவ்வளவு கூடும்?

பெரும்பாலோர் தவறு செய்யும் இடம் இது. இரண்டு சென்டிமீட்டர் தடிப்புள்ள எலும்பில்லாத துண்டு நாலைந்து நிமிடத்தில் வேகிறது என்றால், நான்கு சென்டிமீட்டர் துண்டுக்குப் பத்து நிமிடம் போதும் என்று மனக்கணக்குப் போடுவோம். உண்மையில் தடிப்பு இரண்டு மடங்கானால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். வெப்பம் இறைச்சிக்குள் மெல்ல ஊர்ந்துதான் போகிறது, ஆழம் கூடக் கூட ஒவ்வொரு மில்லிமீட்டரும் கூடுதல் நேரம் கேட்கிறது.

அந்த நேரத்தைச் சுருக்க எண்ணெயின் சூட்டை ஏற்றுவதும் பயன் தராது. எண்ணெயை 165-லிருந்து 190-க்கு ஏற்றினால் தோல் வெகு வேகமாகக் கறுக்கும், நடுப்பகுதி வேகும் நேரமோ கொஞ்சம்தான் குறையும். ஆகவே துண்டு பெரிதாக இருந்தால் எண்ணெய் சூடு குறைவாகவும் நேரம் அதிகமாகவும் இருக்க வேண்டும். துண்டு சிறிதாக இருந்தால் சூடு கூடுதலாகவும் நேரம் குறைவாகவும் இருக்கலாம். கோழி 65 போடும் சிறு துண்டுகளுக்கு 175 முதல் 180 டிகிரி பொருந்தும். எலும்போடு கூடிய காலுக்கும் தொடைக்கும் 160 முதல் 165 டிகிரி போதும்.

பசாரில் கோழி வாங்கும்போதே பாதி வேலையை முடித்துவிடலாம். வெட்டுகிறவர் எத்தனை துண்டு என்று கேட்பார். எட்டுத் துண்டு என்றால் பார்க்கப் பெரிதாக, விற்க வசதியாக இருக்கும், ஆனால் நெஞ்சுத் துண்டு முழங்கை தடிப்பில் வந்து விழும். பன்னிரண்டு என்பது வீட்டுப் பொரியலுக்கு நல்ல அளவு. பதினாறு கறிக்கும் பொரியலுக்கும் இரண்டுக்குமே ஆகும். கால்களை முழுதாக வைக்க விரும்பினால் தடித்த பக்கத்தில் எலும்பு தொடும்வரை இரண்டு கீறல் போட்டுவிடுங்கள். மசாலா உள்ளே போகும் என்பதற்காக நம் அம்மாமார் போடுகிற அதே கீறல்தான். எண்ணெயும் அந்தக் கீறல் வழியே உள்ளே போவதால் வேகும் தூரம் குறைகிறது.

ஒரு கோழி, மூன்று பாக்கெட் எண்ணெய்

1.6 கிலோ சுத்தம் செய்த கோழி, பன்னிரண்டு துண்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கால், இரண்டு தொடை, நான்கு நெஞ்சுத் துண்டு, இரண்டு இறக்கை, இரண்டு முதுகு. மானிய விலையில் கிலோ 2 ரிங்கிட் 50 சென்னுக்குக் கிடைக்கும் சமையல் எண்ணெய்ப் பாக்கெட் மூன்று. அதாவது மூன்று கிலோ எண்ணெய், மூன்றேகால் லிட்டருக்குச் சற்று அதிகம். குவாலி பெரியதாக இருக்க வேண்டும், எண்ணெய் பாதிக்கு மேல் நிற்கக் கூடாது. கோழி விழுந்ததும் நுரை பொங்கி மேலே வரும், அதற்கு இடம் வேண்டும்.

மசாலா தடவிய கோழி குளிர்பெட்டியில் ஊறட்டும், மேசையில் அல்ல. உறைந்த கோழியானால் முதல் நாள் இரவே உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், தண்ணீர் வேறெதிலும் சொட்டாதபடி ஒரு தட்டில் வையுங்கள். நடுவில் பனிக்கட்டி இருக்கும் தொடையை எண்ணெயில் போட்டால் வெளியே கறுத்து உள்ளே பச்சையாக இருப்பது நிச்சயம். அந்த நீர் எண்ணெயில் வெடித்துக் கையைச் சுடுவதும் உண்டு. கோழியைக் குழாயடியில் கழுவும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியது. கழுவுவதால் கிருமி போவதில்லை, தெறிக்கும் நீர்த்துளி அதைத் தொட்டியிலும் தட்டிலும் பரப்பும். மஞ்சள் போட்டுக் கழுவினால்தான் மனம் ஆறும் என்கிறவர்கள் பாத்திரத்தில் நீர் வைத்து மெதுவாக அலசி, பிறகு தொட்டியை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு மசாலா தடவினால் எண்ணெய் தெறிப்பதும் குறையும்.

இப்போது எண்ணெயை 175 டிகிரிக்குக் காய விடுங்கள். எண்ணெய்க்கான வெப்பமானி இல்லையென்றால் கரைத்த மாவில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். அடியில் போய் உட்கார்ந்து நிதானமாக எழும்பினால் 150, 160 இருக்கும். பாதி இறங்கி உடனே மேலே வந்தால் 170-ஐ ஒட்டி இருக்கும். இறங்காமல் மேலேயே பொரிந்து ஓடினால் 180-ஐத் தாண்டிவிட்டது. காய்ந்த மரக்குச்சியை நட்டால் அதைச் சுற்றிச் சீராகக் குமிழி வருவதும் 170-ன் அடையாளம்தான். புகை வந்தால் மிகவும் கூடிவிட்டது. அடுப்பை அணைத்து ஆற விடுங்கள்.

முதல் தடவை கால் இரண்டும் தொடை இரண்டும் மட்டும். மொத்தம் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் வரும். போட்டதும் எண்ணெயின் சூடு 150-க்கு இறங்கிவிடும். அதனால்தான் 175-ல் தொடங்கினோம். தீயை முழுதாக வைத்தால் மூன்று நான்கு நிமிடத்தில் 160-க்குத் திரும்பும், பிறகு தீயைத் தணித்து 160-க்கும் 165-க்கும் இடையே பிடித்துக்கொள்ளலாம். பன்னிரண்டு துண்டையும் ஒரே நேரத்தில் கொட்டியிருந்தால்? சூடு 130-ஐ ஒட்டிப் போய்விடும், வீட்டுக் கேஸ் அடுப்பு அதை மீட்க வெகு நேரம் எடுக்கும். அதற்குள் கோழி பொரியாமல் எண்ணெயிலேயே அவிந்து, மசாலா கரைந்து அடியில் தங்கி, துண்டு எண்ணெய் குடித்துச் சொதசொதவென்று ஆகும். மேலே கிடக்கும் துண்டு ஒரு பக்கம் வேகாமலும் போகும்.

எட்டாவது நிமிடத்தில் தோல் நல்ல பொன்னிறமாகிவிடும். பார்த்தால் எடுத்துவிடத் தோன்றும். அப்போது காலின் நடுவில், எலும்பை ஒட்டி, 55 அல்லது 60 டிகிரிதான் இருக்கும். ஷிப்ட் நேரத்தில் வரிசை நீண்டு நிற்கும்போது கடைக்காரர் கை இந்த நிமிடத்தில்தான் அவசரப்படும். பன்னிரண்டாம் நிமிடத்தில் 70-ஐத் தாண்டியிருக்கும். பதினான்கு, பதினைந்தில் 80-க்கு வரும். இந்த நிமிடக் கணக்கு துண்டின் தடிப்பையும் அடுப்பையும் பொறுத்து இரண்டு நிமிடம் முன்பின் ஆகலாம். ஆகவே பன்னிரண்டாம் நிமிடத்தில் மிகப் பெரிய காலை எடுத்து அளந்து பாருங்கள். குமிழிச் சத்தம் அடங்கிச் சன்னமாவது தோல் காய்ந்துவிட்டதன் அடையாளம், அதுவும் துணைச் சாட்சிதான்.

அடுத்து நெஞ்சுத் துண்டு நான்கு. எண்ணெயை மீண்டும் 175-க்குக் கொண்டுவந்து போடுங்கள், ஒன்பது பத்து நிமிடத்தில் 74, 76 வரும், எடுத்துவிடலாம். கடைசியாக இறக்கையும் முதுகும், எட்டு நிமிடம் போதும். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் உதிர்ந்த மசாலாவைக் கண் கரண்டியால் அள்ளிவிடுங்கள். அந்த உதிரிதான் கருகி எண்ணெயைக் கெடுக்கிறது, அடுத்த கோழியில் கறுப்புப் புள்ளியாக ஒட்டுகிறது. முழுக் கோழிக்கும் அடுப்பு நேரம் நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரேயடியாகப் போட்டால் இருபது நிமிடத்தில் முடியும் என்று நினைப்பவர்கள் மேலே சொன்ன 130 டிகிரியை நினைத்துக்கொள்ளவும்.

தோட்டத்தில் முனியாண்டி பூசைக்கு விறகடுப்பில் பெரிய குவாலி வைத்துப் பொரிக்கும்போது தீயைத் திருகித் தணிக்க முடியாது. அங்கே அனுபவசாலிகள் கொள்ளியை இழுத்தும் தள்ளியும் சூட்டைக் கட்டுப்படுத்துவார்கள். எண்ணெய் அதிகம் இருப்பதால் சூடு சட்டென இறங்காது, ஆனால் ஏறிவிட்டால் இறக்குவதும் கடினம். அங்கே ஆபத்து பெரும்பாலும் கருகலில்தான். பூசைக்கு அடித்த நாட்டுக்கோழி என்றால் வேறு கதை. இறைச்சி முற்றியது, 74 டிகிரியில் கிருமி செத்துவிடும், பல் இறங்காது. அதை மஞ்சளும் உப்பும் போட்டு முதலில் மெதுவாக அவித்து, பிறகு பொரிப்பதுதான் வழக்கம், அதுவே சரியும்கூட.

அளப்பது எப்படி

குத்தும் டிஜிட்டல் வெப்பமானி சமையல் பொருள் கடைகளிலும் இணையத்திலும் சில பத்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. காய்ச்சலுக்கு வைக்கும் வெப்பமானி இதற்கு ஆகாது. வாங்கியதும் சோதித்துக்கொள்ளுங்கள். ஐஸ் கட்டி நிறைந்த நீரில் 0, கொதிக்கும் நீரில் 100 காட்ட வேண்டும். ஒரு டிகிரி முன்பின் பரவாயில்லை, ஐந்து டிகிரி தவறினால் மாற்றிவிடுங்கள்.

துண்டை எண்ணெயிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்துக் குத்துங்கள், எண்ணெயில் இருக்கும்போதே குத்தினால் முனையில் எண்ணெய் பட்டுப் பொய் எண் வரும். பக்கவாட்டில், தடித்த பகுதியின் நடுவுக்கு முனை போகட்டும். எலும்பைத் தொட்டால் கொஞ்சம் பின்னால் இழுங்கள், எலும்பு இறைச்சியைப் போல வெப்பத்தைக் கடத்துவதில்லை. எண் ஏறிக்கொண்டே போய் நிற்கும்வரை பொறுங்கள். பிறகு முனையைச் சற்று நகர்த்தி இன்னொரு இடத்திலும் பாருங்கள். கிடைத்தவற்றில் மிகக் குறைந்த எண்தான் கணக்கு. ஒவ்வொரு துண்டையும் அளக்கத் தேவையில்லை, தடவைக்கு ஒன்று, அதிலும் பெரியது போதும். 74-க்குக் கீழே இருந்தால் அந்தத் தடவை முழுவதையும் மீண்டும் எண்ணெயில் இறக்கி இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் பாருங்கள். வெப்பமானியின் முனையை ஒவ்வொரு முறையும் சோப்பு நீரில் துடையுங்கள். வேகாத துண்டில் குத்திய முனையை அப்படியே வெந்ததில் குத்தினால் கிருமியை நாமே ஊட்டுகிறோம்.

பாதி வேக வைத்து எடுத்து வைப்பது

கடைக்காரர்களிடமும் விருந்து சமைப்பவர்களிடமும் ஒரு பழக்கம் உண்டு. காலையிலேயே எல்லாக் கோழியையும் ஆறேழு நிமிடம் பொரித்து, பாதி வெந்த நிலையில் கூடையில் அள்ளி வைத்துவிடுவார்கள். மாலையில் கூட்டம் வந்ததும் மறுபடி சூடான எண்ணெயில் இரண்டு நிமிடம் போட்டு மொறுமொறுப்பாகக் கொடுப்பார்கள். நேரம் மிச்சம், பார்க்கவும் புதிதாக இருக்கும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நிறுத்தச் சொல்ல முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

காரணம் எளிது. பாதி வெந்த காலின் நடுவில் 50 டிகிரிக்குச் சற்று மேல்தான் இருந்தது. கிருமிகள் பிழைத்திருக்கின்றன. கூடையில் குவிந்து ஆறும்போது அந்த நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே நிற்கும், கிருமி பெருகுவதற்கு அதைவிட வசதியான இடம் இல்லை. மாலையில் இரண்டு நிமிடச் சூடு தோலைத் தாண்டி உள்ளே எட்டாது. வாங்குகிறவர் கையில் சுடச்சுட, மொறுமொறுவென்று இருக்கும் கோழிக்குள் காலையைவிட அதிகக் கிருமி இருக்கும்.

இரண்டு முறை பொரிப்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. மொறுமொறுப்புக்கு அது நல்ல முறைதான். முதல் பொரியலிலேயே, 160 டிகிரி எண்ணெயில், நடுப்பகுதி 74-ஐத் தொட்டுவிட வேண்டும். ஐந்து பத்து நிமிடம் கம்பித் தட்டில் ஆற விட்டு, பரிமாறும்போது 185 டிகிரியில் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். இரண்டாவது பொரியல் தோலுக்காக மட்டும். காலையில் பொரித்து மாலைக்கு வைக்க வேண்டுமானால் முழுதாக வேக வைத்து, பரப்பி ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மாலையில் நடுப்பகுதி மீண்டும் 74 வரும்வரை சூடாக்க வேண்டும். ஆயாம் மாசாக் மேராவுக்கும் இதே விதி. குழம்பில் கொதிக்கப் போகிறதே என்று பொரியலைப் பாதியில் நிறுத்துகிறவர்கள், பொரித்த கையோடு குழம்பில் போட்டு, தடித்த துண்டின் நடுவை அளந்து பார்த்த பிறகே இறக்க வேண்டும். பிரட்டி எடுத்துவிட்டால் போதாது.

பொட்டலம் நள்ளிரவு வரை தாங்குமா?

பொரித்த கோழி 60 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை பாதுகாப்பாக இருக்கும். கண்ணாடிப் பெட்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தால் மட்டும் 60 வந்துவிடாது, பல பெட்டிகளில் விளக்குக்கு நேர் கீழே இருக்கும் துண்டுதான் சூடாக இருக்கும், ஓரத்தில் கிடப்பது ஆறிப்போயிருக்கும். அதே வெப்பமானியால் ஓரத் துண்டைக் குத்திப் பார்த்தால் உடனே தெரியும்.

சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது நம் சுகாதார அமைச்சின் அறிவுரை. உலகச் சுகாதார நிறுவனம் இன்னும் கண்டிப்பாக, சாதாரண சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்கிறது. நான்கு மணி நேரக் கணக்கு கோழி எண்ணெயிலிருந்து வெளியே வந்த நேரத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது, நீங்கள் தாப்பாவ் செய்த நேரத்திலிருந்து அல்ல. மாலை ஐந்துக்குப் பொரித்ததை ஆறே முக்காலுக்கு வாங்கி நள்ளிரவில் பிரித்தால் ஏழு மணி நேரம் ஆகிவிட்டது. இரவு ஷிப்ட் போகிறவர்கள் கடையில் எப்போது பொரித்தது என்று கேட்டு வாங்கலாம், தவறில்லை. தொழிற்சாலை உணவறையில் குளிர்பெட்டி இருந்தால் போனதும் அதில் வைத்து, சாப்பிடும் முன் மைக்ரோவேவில் ஆவி பறக்கச் சூடாக்குவது நல்லது. இரண்டும் இல்லையென்றால் ஷிப்ட் ஏறுவதற்கு முன்பே கோழியைச் சாப்பிட்டுவிட்டு, நள்ளிரவுக்கு ரொட்டியோ பிஸ்கட்டோ வைத்துக்கொள்ளலாம்.

ஆறிய கோழியைச் சூடாக்கினால் எல்லாம் சரியாகும் என்றும் நினைக்க வேண்டாம். கையிலும் மூக்கிலும் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி, வெந்த கோழியை வெறுங்கையால் தொட்டு வெளியே வைத்தால் அதில் பெருகி நஞ்சைச் சுரக்கும். சூடாக்கினால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே குமட்டலும் வாந்தியும் வந்தால் பெரும்பாலும் இதுதான். சல்மொனெல்லா அப்படி உடனே காட்டாது. ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாள் வரை கழித்துக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வயிற்று வலி என்று வரும். இதனால் பலர் கடைசியாகச் சாப்பிட்ட கடையைத் திட்டுவார்கள், காரணம் மூன்று நாளுக்கு முன் வீட்டில் பொரித்த கோழியாகவும் இருக்கலாம். மருத்துவரிடம் போகும்போது கடந்த ஒரு வாரம் என்ன சாப்பிட்டீர்கள் என்பதை நினைவுபடுத்திச் சொல்லுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் ஆகியோருக்கு இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கோ நிற்காத காய்ச்சலோ வந்தால் கூலிம் மருத்துவமனைக்கோ அருகிலுள்ள கிளினிக்குக்கோ காத்திருக்காமல் போய்விட வேண்டும்.

மீந்த கோழியை அன்றே குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். எலும்போடு கூடிய துண்டை மைக்ரோவேவில் வைத்தால் எலும்போரம் ஆறியே இருப்பது வழக்கம். இறைச்சியை உரித்துச் சூடாக்குங்கள், அல்லது சட்டியில் ஒரு கரண்டி நீர் தெளித்து மூடி, மெல்லிய தீயில் வைத்து, நடுவில் 74 வந்ததும் மூடியைத் திறந்து தோலைக் காய விடுங்கள்.